நான்கு வரி அறிவிப்பு

புரட்டாசி மூன்றாவது சனிக்கிழமை கழிந்த இரவு, சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டுக் கைப்பேசியோடு உட்காருவேன். நான்கு வரி எழுத வேண்டும். தீபாவளிக்கு முட்டை சேர்க்காத கேக் ஆர்டர் எடுக்கிறேன் என்று சொல்லும் நான்கு வரி. கேக் ஒன்றைப் பிசைந்து, வேகவைத்து, ஆறவைத்து எடுக்க எனக்கு மூன்று மணி நேரம் போதும். இந்த நான்கு வரிக்குச் சில சமயம் இரண்டு இரவுகள் ஆகின்றன.

"அம்மா, படத்தைப் போட்டாப் போதும். யாரு இதெல்லாம் படிக்கிறா?" என்பாள் என் மகள். அவள் சொல்வதும் சரிதான். விளக்கு வெளிச்சத்தில் கேக்கை வைத்துப் படம் எடுத்து, பக்கத்தில் நாலு முறுக்கையும் ஒரு குத்துவிளக்கையும் வைத்தால் ஆர்டர் வரும். ஆனால் படத்தைப் பார்த்து ஆர்டர் கொடுப்பவர்கள் வேறு, எழுத்தைப் படித்துக் கொடுப்பவர்கள் வேறு. இரண்டாவது வகைக்காரர்கள் என் எழுத்தை நம்பித்தான் கேக்கை வாயில் வைக்கிறார்கள். அதை நான் கற்றுக்கொண்டது நல்ல விதமாக அல்ல.

இது தொடங்கியது என் மாமியாரால். மாமனார் தவறிய பிறகு அவர் முழுச் சைவம். அவருடைய எழுபதாவது பிறந்த நாளுக்கு நாங்கள் கிள்ளானில் ஒரு கடையில் கேக் வாங்கி வந்தோம். எல்லாரும் பாட்டுப் பாடினோம், அவர் வெட்டினார், முதல் துண்டை அவர் வாயருகே கொண்டுபோனேன். அவர் கையால் வாங்கி, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். படம் எடுத்து முடிந்ததும் பேரனைக் கூப்பிட்டு அவன் வாயில் ஊட்டிவிட்டார். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். "முட்டை போட்டிருப்பாங்கம்மா, பரவாயில்ல" என்றார். அவர் பிறந்த நாள் கேக்கை அவர் மட்டும் சாப்பிடவில்லை.

அடுத்த வாரமே நான் முயன்றேன். முதலில் செய்தது, எல்லாரும் செய்கிற டின்பால் கேக். பாலும் மாவும் வெண்ணெயும் சேர்த்து வேகவைத்தேன். அடுப்பிலிருந்து எடுக்கும்போது அழகாக உப்பியிருந்தது. ஆறுவதற்குள் நடுப்பகுதி கிண்ணம் போலக் குழிந்துவிட்டது. வெட்டினால் கீழே அரை அங்குலம் வேகாத களி மாதிரி ஒரு படிவம். இரண்டாவது முறையும் அப்படியே. அளவுகள் எல்லாம் சரிதான். மூன்றாவது முறை டின்னைத் திருப்பி, பின்னால் இருந்த சிறிய எழுத்தைப் படித்தேன். அது கெட்டிப்பாலே இல்லை. நம் கடைகளில் தேநீருக்காக நாம் பழக்கத்தில் 'சூசு' என்று வாங்கும் டின்களில் பல, பாலுக்குப் பதில் செம்பனை எண்ணெய் சேர்ந்த இனிப்பு கிரீமர். தேநீருக்கு அது போதும். முட்டையில்லாத கேக்குக்குப் போதாது. முட்டை இல்லாதபோது பாலிலுள்ள புரதமும் கேக்குக்குக் கொஞ்சம் தாங்கல் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதுவும் குறைந்து, எண்ணெயும் இனிப்பும் மிகுந்தால், உப்பியது நிற்காது. உண்மையான கெட்டிப்பால் டின் வாங்கிச் செய்தபோது குழி பாதியாகக் குறைந்தது. முழுதாகப் போகவில்லை.

அப்போதுதான் முட்டை கேக்கில் என்ன வேலை செய்கிறது என்று யோசிக்கத் தொடங்கினேன். அடித்தால் காற்றைப் பிடித்துவைக்கும். சூட்டில் கெட்டியாகிச் சுவர் எழுப்பும். எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் பிணைக்கும். ஈரம் தரும். நான்கு ஆள் வேலையை ஒரே ஆள் செய்கிற இடத்தில், அந்த ஒருவரை நிறுத்திவிட்டு யாரையாவது வைத்துச் சமாளிக்கப் பார்க்கிறோம். காற்றுக்குச் சோடாவும் புளிப்பும் வேண்டும். ஈரத்துக்குத் தயிர். சுவருக்கு மட்டும் புதிய ஆள் யாரும் இல்லை. மாவுதான் தன் பசையால் தானே நிற்க வேண்டும். அதனால்தான் முட்டையில்லாத கேக், சூடாக இருக்கும்போது தொட்டாலே உதிர்கிறது. ஆறிய பிறகுதான் அதற்கு எலும்பு வருகிறது.

நான் இப்போது செய்வது தயிர் கேக். ஏழு அங்குல வட்டத் தட்டு ஒன்றுக்கான அளவு இது. கெட்டித் தயிர் 250 கிராம், சீனி 150 கிராம். இரண்டையும் சேர்த்துச் சீனி கரையும்வரை கலக்க வேண்டும். அதில் ஒன்றேகால் தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் அரைத் தேக்கரண்டி சோடாவும் போட்டுக் கலந்து ஐந்து நிமிடம் விட்டுவிட வேண்டும். மேலே நுரை பொங்கி வந்தால் தயிரும் சோடாவும் பேசிக்கொள்கின்றன என்று பொருள். நுரையே வராவிட்டால் சோடா பழையது, மேற்கொண்டு போகாதீர்கள். பிறகு மணமில்லாத எண்ணெய் 120 மில்லி, வெனிலா ஒரு தேக்கரண்டி. கடைசியாகக் கோதுமை மாவு, அதாவது கேக்குக்கு வாங்கும் வெள்ளை மாவு, 190 கிராம். அதைச் சலித்து மூன்று தடவையாகப் போட்டு, வெள்ளை தெரியாமல் போகும்வரை மட்டும் கலக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு சுற்று சுற்றினாலும் ரப்பர் ஆகிவிடும். முன்கூட்டியே சூடாக்கிய அடுப்பில் 175 பாகையில் 35 முதல் 40 நிமிடம். குத்திப் பார்த்த குச்சி சுத்தமாக வர வேண்டும், நடுவில் விரலால் தொட்டால் துள்ளி மேலே வர வேண்டும்.

சோடாவின் அளவில் கை கூடக் கூடாது. ஒரு கப் தயிரின் புளிப்புக்கு அரைத் தேக்கரண்டி சோடா. நன்றாக உப்பட்டும் என்று ஒரு தேக்கரண்டி போட்டால், புளிப்பு தீர்ந்த பிறகு மிச்சமிருக்கும் சோடா நாக்கில் சோப்பு மாதிரித் தெரியும். கேக்கின் நிறமும் பொன்னிறமாக இல்லாமல் பழுப்பாக வரும். மேற்புறம் கூடுதலாகச் சிவந்து, உள்ளே மஞ்சளாக, ஒரு மாதிரி வாசனையோடு வந்தால் அதுதான் காரணம்.

என் மாமியாருக்கு நான் செய்து கொடுத்தது எழுபத்தோராவது பிறந்த நாளுக்கு. அவர் இரண்டு துண்டு சாப்பிட்டார். மூன்றாவதைக் காகிதத்தில் சுற்றி வைத்துக்கொண்டார். அந்தக் காகிதத்தைப் பார்த்துதான், நம் தாமானில் இப்படி எத்தனை பேர் கேக்கை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருக்கிறார்களோ என்று எனக்குத் தோன்றியது. அந்தத் தீபாவளிக்கு முதல் அறிவிப்பு எழுதினேன்.

முதல் ஆண்டு ஆறு ஆர்டர். இரண்டாம் ஆண்டு பத்தொன்பது. அந்த ஆண்டு நான் செய்த தவறு இரண்டு. ஒன்று சமையல் தவறு, ஒன்று எழுத்துத் தவறு.

சமையல் தவறை முதலில் சொல்கிறேன். என் வீட்டு அடுப்பில் ஒரே நேரத்தில் இரண்டு தட்டுதான் வைக்க முடியும். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் ஒரே மாலையில் எட்டுக் கேக் வேண்டும். நேரம் மிச்சப்படுத்தலாம் என்று நான்கு கேக்குக்கான மாவை ஒரே பாத்திரத்தில் கலந்துவிட்டேன். முதல் இரண்டு தட்டு அடுப்புக்குள் போனது, அழகாக வந்தது. மீதி மாவு நாற்பது நிமிடம் மேசையில் காத்திருந்தது. அந்த இரண்டும் மேலே தட்டையாக, உள்ளே கெட்டியாக, பலகை போல வந்தன. தயிரும் சோடாவும் சேர்ந்த கணத்திலிருந்தே காற்று உருவாகித் தப்பிக்கத் தொடங்கிவிடுகிறது. அடித்த முட்டையாக இருந்திருந்தால் அது காற்றை ஓரளவு பிடித்து வைத்திருக்கும். இங்கே பிடிக்க ஆளில்லை. கலந்தால் உடனே அடுப்புக்குள் போக வேண்டும், வேறு வழியில்லை. அன்றிரவு மணி ஒன்று வரை மீண்டும் இரண்டிரண்டாகக் கலந்து செய்தேன். அதன் பிறகு என் அறிவிப்பில் எண் ஒன்று வந்தது. ஒரு மாலைக்கு ஆறு கேக், நான்கு மாலை, மொத்தம் 24. இருபத்தைந்தாவது ஆள் கேட்டால் மன்னிப்புக் கேட்கிறேன். அளவோடு எடுக்கிறேன் என்பதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அடுப்பில் இருப்பது இரண்டு தட்டுக்கான இடம்தான்.

இனி எழுத்துத் தவறு.

அந்த ஆண்டு அறிவிப்பில் "முட்டை இல்லாத சுத்த சைவ கேக்" என்று எழுதினேன். நாக்கில் நன்றாக உருளும் சொற்கள். எழுதும்போது மனத்தில் மாமியார்தான் இருந்தார். நான் செய்யும் கேக்கில் முட்டை இல்லை, ஆகையால் சைவம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

அடுத்த லோரோங்கில் ஒரு பாட்டி இருக்கிறார். கட்டுப்பாடு மிக்கவர். புரட்டாசி முழுவதும் ஒரு வேளைச் சாப்பாடு. அவர் தீபாவளிக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்காக ஒரு கேக் கேட்டார். "எனக்கும் ஒரு துண்டு வேணும், கண்ணு" என்றார். நான் கூடுதல் அக்கறையோடு அலங்காரம் செய்தேன். மேலே வண்ணக் கோலம், சுற்றிலும் ஓரத்தில் வெள்ளையும் ரோஜா நிறமுமாகச் சின்னச் சின்ன மார்ஷ்மெல்லோ மிட்டாய். பூமாலை சுற்றின மாதிரி இருந்தது. அதைப் படம் எடுத்து அறிவிப்பிலும் போட்டிருந்தேன்.

தீபாவளிக்கு மறுநாள் அவருடைய பேரன் என் வீட்டு வாசலில் நின்றான். கல்லூரியில் உணவுத் தொழில்நுட்பம் படிக்கிறவன். கோபமாகப் பேசவில்லை. "அக்கா, அந்த மிட்டாய்ப் பாக்கெட் இருக்கா? கொஞ்சம் பார்க்கலாமா?" என்றான். குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பின்னால் பொருள்கள் பட்டியலில் இருந்தது: ஜெலட்டின். அதற்குப் பக்கத்திலேயே அடைப்புக் குறிக்குள் மாடு என்று மலாயில் போட்டிருந்தது.

எனக்குக் கை நடுங்கியது. பாக்கெட்டின் முன்புறம் ஹலால் முத்திரை இருந்தது. நான் கடையில் அதைப் பார்த்துத்தான் எடுத்தேன். நம் நாட்டில் நமக்கு அந்த முத்திரை ஒரு பழகிய நிம்மதி. பன்றி இல்லை, சுத்தமாகச் செய்தது என்று எடுத்துக்கொள்கிறோம். ஆனால் ஹலால் என்பது சைவம் என்று சொல்வதல்ல. ஹலால் ஜெலட்டின் பல நேரம் மாட்டின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. முத்திரையில் பொய் இல்லை, அது தான் சொல்ல வேண்டியதைச் சொல்லியிருக்கிறது. நான்தான் அது சொல்லாததை அதன் மேல் ஏற்றிவிட்டேன். முட்டைக்குப் பயந்த பாட்டிக்கு நான் மாட்டைக் கொடுத்திருக்கிறேன்.

"பாட்டி சாப்பிட்டாங்களா?" என்று கேட்டேன்.

"ஒரு துண்டு. மிட்டாயோட" என்றான்.

அவர் வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நீ தெரிஞ்சா செஞ்ச?" என்றார். அவ்வளவுதான். மறுநாள் கோவிலுக்குப் போய்வந்ததாகக் கேள்விப்பட்டேன். அடுத்த ஆண்டு அவரிடமிருந்து ஆர்டர் வரவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த நாளிலிருந்து பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிப்பதுதான் என் முதல் வேலை. மாவில் தவறு நடப்பது குறைவு. தயிர், எண்ணெய், சீனி எல்லாம் நமக்குத் தெரிந்த பொருள். தவறு நடப்பது மேல் பூச்சிலும் அலங்காரத்திலும்தான். மார்ஷ்மெல்லோவிலும் ஜெல்லி மிட்டாயிலும் ஜெலட்டின் இருக்கலாம். கெட்டியாக உலரும் வெள்ளை ஐசிங்கில் முட்டையின் வெள்ளைக்கரு அல்லது அதன் தூள் இருக்கும். கேக்குக்குள் முட்டை இல்லை, மேலே முழுக்க முட்டை என்று ஆகிவிடும். சில சிவப்பு நிறங்கள் பூச்சியிலிருந்து எடுப்பவை. பட்டியலில் கோச்சினீல், கார்மின், அல்லது இ120 என்று இருந்தால் அதுதான். மலாய்ப் பட்டியலில் தெலூர் என்றால் முட்டை, பூத்தே தெலூர் என்றால் வெள்ளைக்கரு. ஒரு பொருளில் என்ன இருக்கிறது என்று பட்டியல் இல்லையென்றால், பொட்டலம் போட்டு விற்கும் கடையில் விலை குறைவாக இருந்தாலும், நான் வாங்குவதில்லை. இப்போது என் கேக்கின் மேல் இருப்பது வெண்ணெயும் பொடித்த சீனியும் அடித்த பூச்சு, அதன் மேல் வறுத்துப் பொடித்த பாதாம், குங்குமப்பூ, உலர்ந்த ரோஜா இதழ். படத்தில் முந்தைய மாதிரி பளபளப்பு இல்லை.

'சுத்த சைவம்' என்ற சொல்லையும் எடுத்துவிட்டேன். அது பெரிய சொல். சிலருக்கு முட்டை இல்லாமல் இருந்தால் போதும். சிலருக்கு அசைவம் சமைத்த பாத்திரமே ஆகாது. பால், தயிர் எதுவும் கூடாது என்பவர்களும் இருக்கிறார்கள். என் கேக் அவர்களுக்கு ஆகவே ஆகாது. ஒரே சொல்லை ஒவ்வொருவரும் அவரவர் அகராதியில் படிக்கிறார்கள். அதனால் நான் இப்போது என்ன பெயர் வைக்கலாம் என்று யோசிப்பதை விட்டுவிட்டு, என்ன போட்டிருக்கிறேன் என்பதை எழுதுகிறேன்.

ஆனால் அதுவும் போதவில்லை என்பது அதற்கடுத்த ஆண்டு தெரிந்தது.

ஷா ஆலாமிலிருந்து ஒரு பெண் அழைத்தார். அறிவிப்பை யாரோ அனுப்பியிருக்கிறார்கள். குரலில் அவசரம். "அக்கா, முட்டை சேர்க்கல, சரி. உங்க வீட்டுல முட்டை சமைப்பீங்களா?"

"பிள்ளைங்களுக்கு உண்டு" என்றேன். "ஏன் தங்கச்சி?"

அவருடைய மகனுக்கு நான்கு வயது. முட்டை ஒவ்வாமை. ஒருமுறை, உறவினர் வீட்டில், முட்டை கலக்கிய கரண்டியைத் துடைத்துவிட்டு அதே கரண்டியால் அவனுக்குக் கஞ்சி ஊட்டியிருக்கிறார்கள். உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இரைத்து, மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். பிறந்த நாள் வந்தால் அவன் மற்றப் பிள்ளைகளின் கேக்கைப் பார்த்துக்கொண்டே நிற்பான். "இந்தத் தீபாவளிக்கு அவனுக்குன்னு ஒரு கேக்கு வெட்டணும்னு ஆசைக்கா" என்றார்.

நான் வாயைத் திறந்து "தனியாச் செஞ்சு தரேன் தங்கச்சி" என்று சொல்லப் போனேன். அதற்குள் சமையலறையில் இருந்த மாமியார் எட்டிப் பார்த்தார். அவருக்கென்று ஒரு வாணலி, ஒரு கரண்டி, ஒரு தட்டு தனியாக உண்டு. நான்தான் வாங்கிக் கொடுத்தேன். "நம்ம வீட்டுல கேக்கு அடிக்கிற மெஷின் ஒண்ணுதானே" என்றார்.

ஒன்றுதான். என் பிள்ளைகளின் பிறந்த நாளுக்கு முட்டைக் கேக்கும் அதே மெஷினில்தான் அடிக்கிறேன். கழுவுகிறேன். ஆனால் அந்தக் கம்பிகள் மெஷினுக்குள் பொருந்தும் இடத்தில் காய்ந்த மாவு தங்கும். ரப்பர் கரண்டியின் தலை பிடியோடு சேரும் இடுக்கிலும் தங்கும். பாத்திரம் தேய்க்கும் நார் எல்லாவற்றுக்கும் ஒன்றே. மாமியாருக்கு இது மனநிறைவு பற்றிய விஷயம். கழுவிய பாத்திரம் போதும். அந்தப் பிள்ளைக்கு இது மூச்சு பற்றிய விஷயம். கண்ணுக்குத் தெரியாத அளவு போதும்.

"தங்கச்சி, என் வீட்டுக் கேக்கு உன் பிள்ளைக்கு வேணாம்" என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஏமாற்றியது மாதிரி இருந்தது எனக்கு. அறிவிப்பைப் படித்து ஆசையை வளர்த்துக்கொண்டு வந்தவரை வாசலில் திருப்பி அனுப்புகிறேன். பிறகு ஒன்று தோன்றியது. "உங்க வீட்டுல ஓவன் இருக்கா? முட்டையே வராத வீடுதானே உங்க வீடு? நீங்களே செய்யுங்க. நான் போன்லயே சொல்லித் தரேன்."

மேலே எழுதிய அதே அளவை அவரிடம் ஒன்றொன்றாகச் சொன்னேன். தயிர், பேக்கிங் பவுடர், வெனிலா என்று ஒவ்வொரு பாக்கெட்டையும் கையில் எடுத்து, பின்னால் முட்டை என்றோ முட்டை கையாளும் ஆலையில் செய்தது என்றோ எழுதியிருக்கிறதா என்று சத்தமாகப் படிக்கச் சொன்னேன். அவர் ஏற்கெனவே அப்படித்தான் வாழ்ந்துகொண்டிருந்தார். எனக்குத்தான் அது புதிது. இரண்டு நாள் கழித்து ஒரு படம் வந்தது. நடுவில் குழி விழுந்த கேக். கீழே ஒரு அழும் முகம். அழைத்துக் கேட்டேன். பதினைந்தாவது நிமிடத்தில் வெந்துவிட்டதா என்று கதவைத் திறந்து பார்த்திருக்கிறார்.

"இருபத்தஞ்சு நிமிஷம் வரைக்கும் திறக்கக் கூடாது. உள்ள சுவர் இன்னும் காயல. குளிர்காத்து பட்டதும் உக்காந்துடும்" என்றேன். "வெந்ததும் பத்து நிமிஷம் தட்டிலேயே விடுங்க. அப்புறம் கம்பி வலையில கவுத்து முழுசா ஆறட்டும். மூணு மணி நேரத்துக்கு முன்னால கத்தி வைக்காதீங்க."

தீபாவளி அன்று காலை இன்னொரு படம் வந்தது. இந்த முறை கேக்கின் மேல்புறம் தட்டையாக இருந்தது. அதன் மேல் வெறும் சீனித்தூள், ஒரு மெழுகுவத்தி. பையன் அதன் பின்னால் பட்டு வேட்டியில் நிற்கிறான். அவன் கன்னத்தில் ஒரு துண்டு ஏற்கெனவே ஒட்டியிருக்கிறது. நான் விற்ற 24 கேக்கில் அது இல்லை.

அதற்குப் பிறகுதான் அறிவிப்பில் நான்காவது வரி வந்தது. அந்த வரியைச் சேர்க்க வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள். "நீயே உன் வியாபாரத்துல மண்ணை அள்ளிப் போட்டுக்கிறியே" என்றார் என் அக்கா. ஆர்டர் ஒன்றிரண்டு குறைந்திருக்கலாம். எனக்குக் கணக்குத் தெரியாது. 24 எப்போதும் நிரம்பிவிடுகிறது. ஆனால் அந்த வரி வந்த பிறகு வரும் அழைப்புகள் மாறின. முன்பு "சாக்லேட் இருக்கா, எவ்வளவு?" என்று கேட்பார்கள். இப்போது "தயிர் என்ன தயிர், எண்ணெய் என்ன எண்ணெய்?" என்று கேட்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரிகிறது.

எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதும் அறிவிப்பில் இருக்க வேண்டிய விஷயம். தீபாவளியன்று திறந்த இல்ல உபசரிப்பில் கேக் காலையிலிருந்து இரவு வரை மேசையில் இருக்கும். நம் ஊர் வெப்பத்தில் வெண்ணெய்ப் பூச்சு மதியத்துக்குள் வழியத் தொடங்கிவிடும். பூச்சு இல்லாத தயிர் கேக், மூடி வைத்தால், இரண்டு நாள் வெளியில் தாங்கும். ஐஸ் பெட்டியில் நான்கைந்து நாள். எண்ணெயில் செய்ததால் குளிரிலும் இறுகாது, அது வெண்ணெய்க் கேக்கை விட இதற்கு ஒரு வசதி. மேலே புளித்த வாசனை வந்தாலோ, தொட்டால் பிசுபிசுப்பாக நூல் இழுத்தாலோ தூக்கிப் போட்டுவிட வேண்டும். இதையெல்லாம் நான்கு வரிக்குள் அடைக்க முடியாது. அதனால் கேக்கோடு ஒரு சின்னத் துண்டுக் காகிதம் போகிறது, போட்ட பொருள் அத்தனையும் எழுதி.

இந்த ஆண்டு எழுதியது இது:

"தீபாவளிக்குத் தயிர் கேக் தயார். முட்டை, ஜெலட்டின் சேர்க்கவில்லை; மாவு, தயிர், சீனி, எண்ணெய், மேலே வெண்ணெய், பாதாம்.
வீட்டு அடுப்பில் இரண்டிரண்டாகச் செய்வதால் 24 மட்டும். தீபாவளிக்கு ஏழு நாளுக்கு முன் சொல்லுங்கள்.
கேக் சாப்பிடாமல் கையில் வைத்துக்கொண்டிருக்கும் அம்மா, பாட்டி, பெரியம்மா உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்காக ஒன்று.
எங்கள் வீட்டில் முட்டை சமைப்பது உண்டு. முட்டை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது ஏற்றதல்ல. அழையுங்கள், செய்முறையைச் சொல்லித் தருகிறேன்."

மூன்றாவது வரியைப் படித்துக் காட்டியபோது மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மகள் மட்டும், "ரொம்ப நீளம்மா" என்றாள். பிறகு அவளே படத்தைச் சேர்த்து அனுப்பிவிட்டாள்.

அரை மணி நேரத்தில் முதல் பதில் வந்தது. எண்ணைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த லோரோங் பாட்டியின் பேரன். பாட்டி சொல்லச் சொல்ல அவன் தட்டியிருக்கிறான் போலும். எழுத்தில் அவருடைய பேச்சு அப்படியே இருந்தது.

"கண்ணு, எனக்கு ஒரு கேக்கு. மேல ஒண்ணும் போடாத."